எடை ஷீட்டில் ஃபார்முலாவைப் பூட்டுவது எப்படி, அந்தப் பாஸ்வேர்ட் எவ்வளவு தூரம் தாங்கும்?

மன்னை_கணக்கர்

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு தனியார் அரிசி மில்லில் கணக்கு பார்க்கிறேன். சம்பா அறுப்பு சூடு பிடித்துவிட்டது. எடை மேடையில் இரண்டு பேர் மாறி மாறி உட்கார்ந்து எக்செல்லில் பதிகிறார்கள். அவர்கள் போட வேண்டியது டோக்கன் எண், பெயர், மூட்டை, மொத்த எடை, ஈரப்பதம். மீதியெல்லாம் ஃபார்முலா.

C-யில் மூட்டை, D-யில் மொத்த எடை, E-யில் ஈரப்பதம். F-ல் சாக்கு எடை, மூட்டைக்கு 600 கிராம். G-யில் ஈரக் கழிவு: 17 சதவீதத்துக்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் குவிண்டாலுக்கு ஒரு கிலோ. இது எங்கள் மில் வழக்கம். H நிகர எடை, I தொகை.

நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் 50 மூட்டை கொண்டுவந்தார். மொத்த எடை 3,050 கிலோ, ஈரம் 19. சாக்குக்கு 30 கிலோ போக 3,020. ஈரத்துக்கு 60.4 போக நிகரம் 2,959.6. கிலோ 24 ரூபாய் என்று வைத்தால் 71,030 ரூபாய் 40 காசு. ஆனால் H-ல் யாரோ 3,020 என்று கையால் அடித்திருக்கிறார்கள். சீட்டில் 72,480 வந்தது. 1,449 ரூபாய் 60 காசு கூடுதல்.

அதோடு போகவில்லை. மறுநாள் அதே ஃபைலைக் காப்பி எடுத்து, பதிவு செல்களை மட்டும் அழித்துவிட்டு உட்கார்ந்தார்கள். அந்த வரிசையில் ஃபார்முலா இல்லை, 3,020 அப்படியே நிற்கிறது. 18 மூட்டை கொண்டுவந்த பெரியவருக்கு அந்த வரிசை விழுந்தது. "தம்பி, என் நெல்லு இவ்வளவு இருக்காதே" என்று அவரே சீட்டைத் திருப்பிக் கொடுத்ததால் தெரிந்தது.

பதிவு செல் மட்டும் திறந்திருக்கணும், ஃபார்முலாவில் யாரும் கை வைக்கக் கூடாது. பாஸ்வேர்ட் போட்டால் போதுமா?

தஞ்சை_சிஸ்டம்ஸ்

சிம்பிள் சார். Review போய் Protect Sheet கொடுங்க, பாஸ்வேர்ட் போடுங்க, முடிஞ்சது. பாஸ்வேர்ட் மட்டும் பெரிசா இருக்கணும். இருபது எழுத்து, நடுவுல நம்பர், குறி எல்லாம் கலந்து வைங்க. 2013-க்கு அப்புறம் வந்த எக்செல்லில் ஹாஷ் ரொம்ப ஸ்ட்ராங், யாராலும் உடைக்க முடியாது. எங்க கடைக்கு வர்ற எல்லாருக்கும் இப்படித்தான் செஞ்சு தர்றேன்.

மன்னை_கணக்கர்

செய்து பார்த்தேன் சார். இப்போது D-யில்கூட எடை போட முடியவில்லை. ஷீட் முழுக்கப் பூட்டிக்கொண்டது.

குடந்தை_ஆடிட்

அது அப்படித்தான் வரும். எக்செல்லில் ஒவ்வொரு செல்லும் பிறக்கும்போதே Locked என்று குறிக்கப்பட்டிருக்கும். ஷீட்டை Protect செய்யும் வரை அந்தக் குறி தூங்கும், செய்ததும் எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்ளும். அதனால் வேலையைத் திருப்பிப் போட வேண்டும். எதைப் பூட்டுவது என்று தேடாதீர்கள், எதைத் திறந்துவிடுவது என்று பாருங்கள்.

முதலில் Unprotect செய்யுங்கள். A2-விலிருந்து E400 வரை தேர்ந்தெடுத்து Ctrl+1 அழுத்தி, Protection பக்கத்தில் Locked என்பதில் உள்ள டிக்கை எடுங்கள். பிறகு அந்தத் தேர்வை விட்டு ஏதாவது ஒரே ஒரு செல்லை க்ளிக் செய்து, F5 அழுத்தி Special, அதில் Formulas. ஷீட்டில் ஃபார்முலா உள்ள செல்கள் எல்லாம் ஒரே மூச்சில் தேர்வாகும். அதில் ஏதாவது ஒரு வரிசை விட்டுப்போயிருந்தால், அங்கே ஏற்கெனவே யாரோ எண்ணை அடித்திருக்கிறார்கள். உங்கள் 3,020 இப்படியே கண்ணில் பட்டிருக்கும். பூட்டுவதற்கு முன்னால் இதைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் தப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

கடைசியில் Protect Sheet. அந்தப் பெட்டியில் Select locked cells என்பதில் டிக்கை எடுத்துவிடுங்கள். மவுஸ் F, G, H, I பக்கமே போகாது. Tab அடித்தால் E-யிலிருந்து அடுத்த வரிசையின் A-க்குத் தாவும். எடை மேடையில் இருப்பவர்களுக்கு இது பெரிய சௌகரியம்.

24 ரூபாய் என்ற விலையை ஃபார்முலாவுக்குள் எழுதியிருந்தால் அதையும் வெளியே எடுங்கள். தனி ஷீட்டில் ஒரே செல்லில் வைத்துப் பூட்டுங்கள். விலை மாறும் நாளில் நீங்கள் ஓர் இடத்தில் மாற்றினால் போதும். அந்த ஷீட்டை யாரும் அழிக்காமல் இருக்க, Protect Workbook-ம் சேர்த்துப் போடுங்கள்.

பாஸ்வேர்ட் விஷயத்தில் தஞ்சைத் தம்பி சொன்னது பாதி சரி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

வேதை_உப்பு

நானும் இதே கஷ்டத்துலதான் இருக்கேன். எங்க உப்பளக் கணக்கு ஃபைலை முன்னால இருந்த கணக்குப்பிள்ளை பூட்டிட்டுப் போயிட்டாரு. வேலையை விட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு, போன் எடுக்க மாட்டேங்கிறாரு. பாத்தி வாரியா கூலி மாத்தணும், முடியல. மன்னை அண்ணே, உங்களுக்குத் திறக்க வழி கிடைச்சா எனக்கும் சொல்லுங்க.

மன்னை_கணக்கர்

அண்ணே, நான் கேட்டது பூட்டத்தான், திறக்க இல்லை.

குடந்தை_ஆடிட்

இரண்டும் ஒரே கேள்விதான். வேதை சார், உங்கள் ஃபைல் பெயர் .xls என்று முடிகிறதா, .xlsx என்றா?

வேதை_உப்பு

.xls தான் மேடம். பழைய ஃபைல்.

குடந்தை_ஆடிட்

அப்படியானால் அது உங்கள் சொந்த ஃபைல்தான் என்பதால் சொல்கிறேன். அந்தக் காலத்து ஷீட் பூட்டு, பாஸ்வேர்டைச் சுருக்கி 16 பிட் எண்ணாக மட்டுமே வைத்துக்கொண்டது. எத்தனையோ பாஸ்வேர்டுகள் ஒரே எண்ணுக்குச் சுருங்கும். அதனால் கணக்குப்பிள்ளை வைத்த பாஸ்வேர்ட் தெரியவேண்டிய அவசியமே இல்லை, அதே எண்ணைத் தரும் வேறு ஏதாவது ஒன்று போதும். பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு மேக்ரோ இருக்கிறது. A, B என்ற இரண்டே எழுத்தைப் பதினோரு இடத்தில் மாற்றி மாற்றிப் போட்டு, பன்னிரண்டாவது இடத்தில் 95 குறிகளையும் முயற்சி செய்யும். மொத்தம் 1,94,560 முயற்சிதான். கணினிக்கு அது ஒன்றுமே இல்லை. முதலில் காப்பி எடுத்துவிட்டு அதில் செய்யுங்கள்.

இப்போது தஞ்சைத் தம்பிக்கு. 2013-லிருந்து பாஸ்வேர்டைச் சுருக்க SHA-512 என்ற முறை வந்தது, அதை ஒரு லட்சம் சுற்றுச் சுற்றுகிறது, உண்மை. பாஸ்வேர்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம்தான். ஆனால் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லையே. .xlsx என்பது ஒரு ஜிப் பொட்டலம். அதைப் பிரித்து xl/worksheets உள்ளே போனால் sheet1.xml இருக்கும். நோட்பேடில் திறந்தால் உங்கள் எடையும் ஃபார்முலாவும் படிக்கிற மாதிரியே கிடக்கும், நடுவில் இந்த ஒரு வரி:

```
<sheetProtection algorithmName="SHA-512" hashValue="..."
 saltValue="..." spinCount="100000" sheet="1"/>
```

பூட்டு என்பது இந்த வரி மட்டும்தான். இது இல்லாவிட்டால் பூட்டும் இல்லை. பாஸ்வேர்ட் மூன்று எழுத்தாக இருந்தாலும் முப்பதாக இருந்தாலும் வித்தியாசமில்லை. ஷீட் பாதுகாப்பைப் பந்தோபஸ்து வசதியாக நினைக்கக் கூடாது என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. இது வயல் வரப்பு மாதிரி. எல்லை எது என்று காட்டும், தாண்ட நினைப்பவனைத் தடுக்காது.

தஞ்சை_சிஸ்டம்ஸ்

மேடம், அப்போ File, Info, Encrypt with Password போட்டா? அதுல ஃபைலே திறக்காதே. ஜிப்பாவும் பிரிக்க முடியாது.

குடந்தை_ஆடிட்

சரி, அது உண்மையான பூட்டு. ஃபைல் முழுவதும் AES முறையில் மறையாக்கம் ஆகிவிடும். மறந்துவிட்டால் போனது போனதுதான், வேதை சாருக்குச் சொன்ன வழியெல்லாம் அங்கே எடுபடாது. ஆனால் மன்னை சாரின் எழுத்தர்கள் தினமும் அந்த ஃபைலைத் திறந்து பதிய வேண்டுமே. திறக்கும் பாஸ்வேர்டை அவர்களிடம் கொடுத்தே ஆக வேண்டும். திறந்தபின் ஃபார்முலா அவர்கள் முன்னால்தான் இருக்கும். வெளியாளிடமிருந்து காப்பாற்ற அது, உள்ளே உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அது பொருந்தாது.

தஞ்சை_சிஸ்டம்ஸ்

புரியுது. ஆனா என் கஸ்டமர்ல யாரும் xml எல்லாம் திறக்கிற ஆளு இல்ல. அவங்களுக்கு இது தாராளமாப் போதும்னுதான் இன்னும் நினைக்கிறேன்.

எடைமேடை

நான் திருவாரூர் பக்கம் ஒரு மில்லில் இதே வேலை பார்க்கிறேன். எல்லோரும் எழுத்தரைத் தடுப்பது பற்றியே பேசுகிறீர்கள். அந்த 3,020 ஏன் அடிக்கப்பட்டது என்று யாராவது அவரிடம் கேட்டீர்களா?

எங்களிடம் நடப்பதைச் சொல்கிறேன். ஈரமானி இரண்டு தடவை வைத்தால் இரண்டு எண் காட்டும். முதலில் 19 போட்டிருப்போம். விவசாயி சண்டை போடுவார், முதலாளி வந்து கையில் நெல்லை அள்ளிப் பார்த்து "சரி, கழிவு வேண்டாம், விடு" என்பார். அந்த "விடு" என்பதை ஷீட்டில் எங்கே பதிவது? E-யில் 17 என்று போட்டால் ஈரப்பதத்தைப் பொய்யாக எழுதியதாகும். அதனால் H-ல் கை வைக்கிறோம். வேறு இடம் இல்லை. 3,020 என்பது சாக்கு மட்டும் கழித்த எடை, பாருங்கள். அது தட்டச்சுப் பிழை இல்லை.

அந்த செல்லைப் பூட்டிவிட்டால் நாளைக்கு E-யில் 17 விழும். அப்புறம் உங்களுக்கு உண்மையான ஈரப்பதமும் தெரியாது, யார் கழிவை விட்டுக்கொடுத்தது என்றும் தெரியாது.

மன்னை_கணக்கர்

அக்கா, இப்போதுதான் எடை மேடைக்குப் போன் செய்து கேட்டேன். நீங்கள் சொன்னதேதான். முதலாளி "கழிக்காதே" என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஆக அன்றைக்கு 72,480 கொடுத்தது சரி. மறுநாள் அந்த எண் பெரியவர் தலையில் விழுந்ததுதான் தப்பு.

குடந்தை_ஆடிட்

எடைமேடை சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். விதிவிலக்குக்கு ஒரு திறந்த செல் இல்லாத ஷீட்டைப் பூட்டக் கூடாது. வலது பக்கம் இரண்டு நெடுவரிசை சேருங்கள். J-யில் "கழிவு தள்ளுபடி கிலோ", K-யில் "யார் சொன்னது". இரண்டும் Locked இல்லாமல். H-ன் ஃபார்முலாவில் J-யைக் கூட்டிக்கொள்ளுங்கள். அன்றைய வரிசையில் J-யில் 60.4 விழும், நிகரம் 3,020 வரும், E-யில் 19 அப்படியே இருக்கும். J-க்கு Data Validation வைத்து, G-யில் உள்ளதைவிட அதிகம் ஏற்காதபடி செய்யலாம்.

நாகை_இறால்

நாங்கள் இறால் குட்டைத் தீவனக் கணக்கை இப்படித்தான் பூட்டி வைத்திருந்தோம். பூட்டு போட்ட பிறகும் ஃபார்முலா கெட்டது, ஏன் என்று கடைசி வரை தெரியவில்லை. சில வரிசைகளில் #REF! வரும். யாரும் பாஸ்வேர்ட் எடுக்கவில்லை, அது நிச்சயம். அதனால் கூகுள் ஷீட்டுக்கே மாறிவிட்டோம்.

குடந்தை_ஆடிட்

அது Ctrl+X வேலை. பூட்டு இருக்கும்போதே நடக்கும், பலருக்கு இது தெரியாது. மன்னை சாரும் கவனிக்கட்டும்.

எழுத்தர் 13-ஆம் வரிசைக்காரரின் எடையைத் தவறி D12-ல் போட்டுவிட்டார் என்று வைப்போம். தெரிந்ததும் அதை வெட்டி D13-ல் ஒட்டுகிறார். இரண்டுமே திறந்த செல்கள், எக்செல் தடுக்காது. ஆனால் வெட்டி ஒட்டினால், அந்த செல்லைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபார்முலாக்களும் கூடவே நகரும். 12-ஆம் வரிசையின் ஃபார்முலா இப்போது D13-ஐப் பார்க்கும். 13-ஆம் வரிசையின் ஃபார்முலா பார்த்துக்கொண்டிருந்த பழைய D13 அழிந்துபோனதால் அங்கே #REF! வரும். D12-ஐ இனி எந்த ஃபார்முலாவும் பார்க்காது.

#REF! வந்தால் நல்லது, கண்ணில் படும். அழகுக்காக IFERROR போட்டு வெற்றாக்கி வைத்திருந்தால் அதுவும் தெரியாது. 12-ஆம் ஆளுக்கு 13-ஆம் ஆளின் எடையில் சீட்டு போகும்.

காரணம் ஃபார்முலா D12 என்று பெயர் சொல்லிப் பிடித்துக்கொண்டிருப்பதுதான். அதற்குப் பதிலாக "D நெடுவரிசையில், நான் இருக்கும் வரிசை" என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு செல்லை வெட்டினாலும் நெடுவரிசை நகராது. G2-வில்:

```
=ROUND(MAX(0,INDEX($E:$E,ROW())-17)
 *(INDEX($D:$D,ROW())-F2)/100,1)
```

F2 பூட்டிய செல், அதை யாராலும் வெட்ட முடியாது, அதனால் அது நேராகவே இருக்கலாம். C, D, E, J ஆகிய திறந்த செல்களுக்கு மட்டும் INDEX போதும்.

வேறு ஃபைலிலிருந்து காப்பி எடுத்து ஒட்டினாலும் தொல்லை உண்டு. மதிப்போடு வடிவமும் வரும், அதில் Locked குறியும் அடக்கம். நேற்று வரை திறந்திருந்த செல் இன்று பூட்டிக்கொண்டது என்று எழுத்தர் சொன்னால் அதுதான் காரணம். Data Validation-ம் அப்படியே மறைந்துவிடும். Paste Values மட்டும் பழக்குங்கள்.

மன்னை_கணக்கர்

INDEX போட்டுப் பார்த்தேன் மேடம். D12-ஐ வெட்டி D13-ல் ஒட்டினேன், G அசையவில்லை. மிகவும் நன்றி. இனி ஒரே ஒரு சந்தேகம். மெனக்கெட்டு xml வரிக்குப் போகிற ஆள் ஒருவர் வந்துவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

குடந்தை_ஆடிட்

தடுக்க முடியாது, கண்டுபிடிக்கலாம். வாரம் ஒரு முறை உங்கள் பாஸ்வேர்டைப் போட்டு Unprotect செய்து பாருங்கள். பூட்டே இல்லையென்றாலோ, உங்கள் பாஸ்வேர்ட் ஏற்கவில்லையென்றாலோ, யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

அதைவிட உறுதியானது, கணக்கை உங்கள் கணினியிலும் ஒருமுறை போடுவது. தினமும் சாயங்காலம் அவர்கள் ஃபைலைத் தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் போடச் சொல்லுங்கள். உங்கள் ஃபைலில் Data, Get Data, From File, From Folder வழியாக A-யிலிருந்து E வரை, J, K, கடைசியில் அவர்கள் தொகையான I, இவற்றை மட்டும் இழுங்கள். நிகர எடையையும் தொகையையும் உங்கள் ஃபார்முலா மறுபடி போடட்டும். இரண்டு தொகையும் ஒத்துப்போகாத வரிசை மட்டும் உங்களுக்குப் போதும். அவர்கள் ஃபைலில் ஃபார்முலா என்ன ஆனாலும் சாயங்காலமே தெரிந்துவிடும்.

அவர்கள் ஷீட்டிலேயே ஒரு சோதனை செல்லும் வைக்கலாம்:

```
=SUMPRODUCT(--NOT(ISFORMULA(F2:I400)))
```

பூஜ்யம் வந்தால் எல்லாம் ஃபார்முலாதான். ஆனால் பூட்டை எடுத்தவர் இதையும் மாற்றலாம், அதனால் இது கைத்தவறுக்கு மட்டும். இன்னொன்று, இது D-யில் தப்பான எடை போடுவதைப் பிடிக்காது. எடை மேடை அச்சடிக்கும் சீட்டோடு ஒப்பிடுவதற்கு மாற்று கிடையாது.

நாகை_இறால்

இவ்வளவு சுற்றுவதற்குக் கூகுள் ஷீட் மேல் இல்லையா? அங்கே Protect sheet கொடுத்து Except certain cells என்று பதிவு செல்களை விலக்கிவிட்டால் போதும். பாஸ்வேர்டே கிடையாது, எந்த இமெயில் கணக்கு என்பதுதான் கணக்கு. பூட்டு கூகுள் சர்வரில் இருக்கிறது, xml பிரிக்க ஃபைலே அவர்கள் கையில் இல்லை. காப்பி எடுத்து அதில் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், நம் மூல ஷீட் அசையாது. Version history-யில் யார் எப்போது மாற்றினார் என்றும் தெரியும்.

குடந்தை_ஆடிட்

நியாயமான பேச்சு. பூட்டு என்று பார்த்தால் அது இதைவிட உறுதி. இரண்டு எழுத்தரும் ஒரே இமெயிலில் உட்காரக் கூடாது, அவ்வளவுதான்.

எடைமேடை

எங்கள் எடை மேடையில் மழை பெய்தால் நெட் போய்விடும். வண்டி வரிசையில் நிற்கும்போது ஷீட் சுற்றிக்கொண்டே இருந்தால் யார் பதில் சொல்வது? நோட்டில் எழுதி அப்புறம் ஏற்றச் சொல்வார்கள், அங்கேதான் எண் மாறும். எனக்கு எக்செல்தான் சரி.

இன்னொன்று. Select locked cells-ஐ எடுக்கச் சொன்னீர்கள். எடுத்துவிட்டால் G-யில் என்ன ஃபார்முலா என்று எங்களாலும் பார்க்க முடியாது. "ஏன் 60 கிலோ கழித்தாய்" என்று விவசாயி கேட்டால் நான் காட்ட வேண்டும். பூட்டுங்கள், மறைக்காதீர்கள்.

தஞ்சை_சிஸ்டம்ஸ்

ஃபார்முலாவைக் காட்டினா காப்பி அடிச்சுப் புது ஷீட்டில் ஒட்டிடுவாங்களே. நான் எப்பவும் Hidden டிக்கும் சேர்த்துத்தான் போடுவேன்.

எடைமேடை

ஒட்டட்டுமே. கழிவு விதியில் என்ன ரகசியம் இருக்கிறது? நெல் கொண்டுவருபவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விதிதானே.

குடந்தை_ஆடிட்

Tab தாவுவது Select locked cells டிக் இருந்தாலும் வேலை செய்யும். அதனால் டிக்கை வைத்துவிட்டே பூட்டலாம். மறைப்பதா காட்டுவதா என்பதை மில்தான் முடிவு செய்ய வேண்டும். நான் எடைமேடை பக்கம்.

மன்னை_கணக்கர்

J, K இரண்டையும் சேர்த்துவிட்டேன். தினமும் நேற்றைய ஃபைலைக் காப்பி எடுப்பதை நிறுத்தி, வெற்று ஃபைல் ஒன்றை Excel Template-ஆக, .xltx-ஆகச் சேமித்துக் கொடுத்திருக்கிறேன். மறைப்பது பற்றி முதலாளியிடம் கேட்க வேண்டும், அவர் மறைக்கத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். K-யில் தன் பெயர் எழுதப்படுவதும் அவருக்குப் பிடிக்குமா தெரியவில்லை.

வேதை_உப்பு

மேடம், திறந்துடுச்சு. கூலி மாத்திட்டேன். திரும்பப் பூட்டும்போது .xlsx-ஆ சேமிச்சுட்டுப் பூட்டவா, இல்ல .xls-லயே விடவா?

குடந்தை_ஆடிட்

.xlsx-ஆகச் சேமியுங்கள். பழைய ஃபைலில் மேக்ரோ ஏதாவது இருந்தால் .xlsm. பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, உப்பள உரிமையாளரிடம் கொடுத்துவிடுங்கள்.